வெறுமையாக இருக்கும் மணிநேரம் சொல்வது என்ன?

தடுப்பூசிகளை வைத்திருக்கும் குளிர்பெட்டிக்குள் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உள்ளே உள்ள சென்சார் அதை அளந்து சிம் கார்டு வழியாக அனுப்புகிறது. இவற்றில் பல, பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக, வெப்பம் மாறாதவரை எப்போதாவது ஒருமுறையும், ஏறத் தொடங்கினால் அடிக்கடியும் அளவு அனுப்பும். கண்காணிப்பவருக்கோ மணிக்கு ஓர் எண் போதும். டாஷ்போர்டு ஒவ்வொரு முறை ரெஃப்ரெஷ் ஆகும்போதும், சிதறி வந்த அளவுகள் மணிவாரியாக மாற்றப்படுகின்றன.

ஓர் உதாரணம். காலை 10:00, 10:20 ஆகிய இரு நேரங்களிலும் 4 டிகிரி வருகிறது. 10:40க்குக் கதவைத் திறக்கிறார்கள். அதிலிருந்து நிமிடத்துக்கு ஒன்றாக 8, 9, 9, 8 வருகின்றன. 10:44க்கு மறுபடி 4. அதன்பின் 11 மணிவரை எதுவும் வரவில்லை. ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்தால் ஏறக்குறைய 6.6 டிகிரி. இது தவறான சராசரி. நான்கே நிமிடச் சூட்டுக்கு ஏழில் நான்கு வாக்குகள் கிடைத்துவிட்டன. ஒவ்வோர் அளவும் அடுத்தது வரும்வரை நீடித்தது என்று கொண்டு, நிமிடங்களால் பெருக்கிக் கூட்டி 60ஆல் வகுத்தால் 4.3 டிகிரி. பெட்டி உண்மையில் அந்த மணியில் இருந்த நிலைக்கு இதுவே நெருக்கமானது.

இந்தக் கணக்கில் மணியின் தொடக்கத்தையும் கவனிக்க வேண்டும். முதல் அளவு 10:12க்குத்தான் வந்தது என்றால், 10:00 முதல் 10:12 வரை முந்தைய மணியின் கடைசி அளவே செல்லும். அதற்கும் வரம்பு உண்டு. அரை மணிக்கு மேல் பழையதான அளவை நீட்டக் கூடாது என்பதுபோல ஒரு விதி வேண்டும். 60 நிமிடத்தில் 45 நிமிடத்துக்காவது அளவு இல்லாத மணியை வெறுமையாக விடுவது நல்லது. சராசரி மட்டும் போதாது, 4.3 என்ற எண்ணுக்குள் அந்த 9 டிகிரி ஒளிந்துகொள்கிறது. எனவே மணியின் உச்ச அளவையும் தனிப் பத்தியில் வைக்க வேண்டும்.

இனி விடுபட்ட மணிகள். ஒரு மணிக்கு 4.2, நான்கு மணிக்கு 4.8, இடையில் இரண்டு மணிகள் காலி என்றால், நேர்கோட்டில் 4.4, 4.6 என்று நிரப்பலாம். நிரப்பிய எண் என்ற குறியைப் பக்கத்திலேயே போட வேண்டும். ஏழு மணிநேரம் காலியாக இருந்தால் நிரப்பக் கூடாது. மின்சாரம் போய் பெட்டி 12 டிகிரிக்கு ஏறி மீண்டும் குளிர்ந்திருக்கலாம். இரு முனைகளையும் இணைக்கும் கோடு அதைத் துடைத்துவிடும். தகவல் அனுப்பும் கருவியும் பெட்டியும் ஒரே மின்இணைப்பில் இருந்தால், அளவு வராத நேரமே ஆபத்தான நேரமாக இருக்கக்கூடும். அப்போது இரண்டு மணி இடைவெளியையும் நிரப்பாமல், மின்தடைப் பதிவைப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

பாண்டாஸ் மென்பொருளில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. `interpolate(limit=2)` என்று எழுதினால் இரண்டு மணிக்கு உட்பட்ட இடைவெளிகள் மட்டும் நிரம்பும் என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு: ஏழு மணி இடைவெளியிலும் முதல் இரண்டு மணிகள் நிரம்பிவிடும். நீண்ட வெறுமைக்கு முன்னால் ஓரிரு அழகான எண்கள் வரைபடத்தில் தொங்கினால், காரணம் இதுவாக இருக்கலாம். இடைவெளியின் மொத்த நீளத்தை முதலில் எண்ணி, அது இரண்டைத் தாண்டாதபோது மட்டும் நிரப்ப வேண்டும்.

ரெஃப்ரெஷ் நேரத்துக்கே உரிய சிக்கல்களும் உண்டு. நடந்துகொண்டிருக்கும் மணி இன்னும் முடியவில்லை. அதைக் காட்டாமல் விட வேண்டும். சிக்னல் இல்லாதபோது கருவி சேமித்துவைத்த அளவுகள் பின்னால் மொத்தமாக வரும். அவற்றை வந்துசேர்ந்த நேரத்தில் அல்ல, அளந்த நேரத்தில் சேர்க்க வேண்டும். அதனால் ஒவ்வொரு ரெஃப்ரெஷிலும் கடைசி 48 மணிநேரத்தையாவது மூல அளவுகளிலிருந்து மறுபடி கணக்கிட்டு, பழைய வரிகளின் மேல் எழுதுவது பாதுகாப்பு. நேற்று நிரப்பிய 4.4, இன்று உண்மையான அளவு வந்ததும் தானாக விலகிவிடும். மூல அளவுகளைத் திருத்தாமல் வைத்திருந்தால்தான் இது நடக்கும்.

நம் ஊருக்கே உரிய ஒன்றும் உண்டு. கருவிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் பதிகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். பொது நேரத்திலேயே மணிகளைப் பிரித்துவிட்டு நேரத்தை மாற்றினால், ஒவ்வொரு மணியும் 10:30, 11:30 என்று அரையில் தொடங்கும். முதலில் நேரத்தை மாற்றி, பிறகே மணிகளாகப் பிரிக்க வேண்டும்.