ஒரே மார்க், வேறு மண்

நீலகிரியில் மூன்று துண்டு நிலங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எதில் தேயிலை நடலாம் என்று கணினியில் மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார்கள். முதல் நிலத்துக்கு 7.74, இரண்டாவதுக்கு 6.92, மூன்றாவதுக்கு 6.90. அச்சாகி வரும் வரைபடத்தில் மூன்றும் பச்சை. ஆனால் பெருமழை பெய்தால் முதல் நிலம் சரிந்துவிடக்கூடும். மூன்றாவதில் நட்ட செடி வெளிறி, தேறாமல் போகும். தேயிலைக்கு உண்மையில் ஏற்றது நடுவில் இருப்பதுதான். மூன்றும் எப்படி ஒரே நிறத்தில் வந்தன என்பது அந்தக் கணக்கின் உள்ளே போனால்தான் புரியும்.

கணக்கு எளிமையானதுதான். மழைக்கு ஒரு வரைபடம், மண்ணுக்கு ஒன்று, சரிவுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் தருகிறார்கள். பிறகு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டுகிறார்கள். கணினி பரவுவதற்கு முன்பே, கண்ணாடித் தாள்களை அடுக்கி வெளிச்சத்தில் பார்க்கும் முறையாக இது இருந்தது. 1969-இல் வெளிவந்த தன் புத்தகத்தின் மூலம் இதைப் பரவலாக அறியச் செய்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த இயன் மெக்ஹார்க். அவருடைய தாள்களில் எல்லா அடுக்கும் ஏறக்குறைய ஒரே கனம். இன்றைய முறையில் அடுக்குக்கு அடுக்கு எடை வேறு.

எடையை யார் முடிவு செய்வது? அமெரிக்கக் கணிதவியலாளர் தாமஸ் சாட்டி ஒரு வழி சொன்னார். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக எடை சொல்லச் சொன்னால் யாரும் திணறுவார்கள். இரண்டிரண்டாக ஒப்பிடச் சொன்னால் சொல்லிவிடுவார்கள். தேயிலை தெரிந்த ஒருவரைக் கேட்கிறோம். மண்ணைவிட மழை இரண்டு மடங்கு முக்கியம், சரிவைவிட மண் இரண்டு மடங்கு, சரிவைவிட மழை மூன்று மடங்கு என்கிறார். கறாராகப் பார்த்தால் கடைசிப் பதில் நான்கு மடங்கு என்று வந்திருக்க வேண்டும். மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள். எவ்வளவு முரணைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கும் சாட்டி ஓர் அளவு வைத்திருக்கிறார்: 0.10 வரை சரி. இங்கே வருவது 0.01-க்கும் கீழே. எடைகள் மழைக்கு 0.54, மண்ணுக்கு 0.30, சரிவுக்கு 0.16 என்று கிடைக்கின்றன.

முரண் இல்லை என்பதற்குச் சொன்னது உண்மை என்று பொருளல்ல. தவறான கருத்தைக்கூட ஒருவர் முரணில்லாமல் சொல்லலாம்.

இப்போது நிலங்களுக்கு வருவோம். முதல் நிலத்தில் மழைக்கு 9, மண்ணுக்கு 8. சரிவு மிகச் செங்குத்து என்பதால் 3 மட்டும். இரண்டாவதில் மழை சற்றுக் குறைவு, 6. மண்ணும் சரிவும் தலா 8. மூன்றாவதில் மழைக்கு 9, மெல்லிய சரிவுக்கு 9, மண்ணுக்கு 2. எடையால் பெருக்கிக் கூட்டினால் முதலில் சொன்ன எண்கள் வந்துவிடும்.

மூன்றாவது நிலத்தில் மண்ணுக்கு ஏன் 2? தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி. மண்ணின் பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருந்தால் செழிக்கும். நீலகிரி மண் இயல்பாகவே அமிலம் மிகுந்தது. ஆனால் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர்கள் அமிலத்தைக் குறைக்கச் சுண்ணாம்பு இடுவது வழக்கம். அப்படி ஆண்டுக்கணக்கில் சுண்ணாம்பு கண்ட தோட்டத்தில் பி.எச். 6.5-க்கு ஏறியிருந்தால், எவ்வளவு நல்ல மழை பெய்தும் தேயிலைக்கு அது உதவாது. பள்ளியில் பாடத்துக்குப் பாடம் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். எடையிட்ட கூட்டலில் அந்த விதி இல்லை. மொத்த மதிப்பெண் மட்டும்தான். மழையில் வாங்கிய 9 மண்ணில் விழுந்த ஓட்டையை அடைத்துவிடுகிறது.

எடையை லேசாக அசைத்தால் இது இன்னும் வெளிப்படையாகும். மழையின் எடையை 0.59 ஆக்கி, மற்ற இரண்டையும் 0.27, 0.14 என்று குறைத்தால், மூன்றாவது நிலம் 7.11-க்கு ஏறுகிறது, நல்ல நிலம் 6.82-க்கு இறங்குகிறது. இத்தனை சிறிய மாற்றத்தில் வரிசை புரண்டால் அந்த வரிசையை நம்புவதற்கில்லை. ஆய்வறிக்கைகளில் எடைகளை மூன்று தசம இடங்கள் வரை அச்சிட்டுவிட்டு இந்தச் சோதனையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

தீர்வு, கூட்டுவதற்கு முன்பே தள்ள வேண்டியதைத் தள்ளிவிடுவதுதான். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1976-இல் வகுத்த நில மதிப்பீட்டு முறை நிலத்தை ஏற்றது, ஏற்காதது என்று இரண்டு வகையாகப் பிரித்துவிட்டு, ஏற்றதற்குள்தான் தரம் பார்க்கிறது. கணினியில் இதற்கு 0, 1 என்ற இரண்டே எண்கள் கொண்ட ஒரு தடை அடுக்கு போதும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இப்படி எழுதலாம்:

```
"thadai@1" * ("mazhai@1" * 0.54 + "mann@1" * 0.30 + "sarivu@1" * 0.16)
```

பி.எச். எல்லை மீறிய கட்டம், காப்புக்காடு, மிகச் செங்குத்தான சரிவு எல்லாம் தடை அடுக்கில் 0. மழை எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும் பெருக்கினால் பூஜ்யம்தான். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் நிலத்தின் 7.74-ஐ அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

சரிவு அடுக்கில் வேறொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. சரிவு குறையக் குறைய மதிப்பெண் கூடட்டும் என்று வைத்தால், பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் சதுப்புக்குப் பத்துக்குப் பத்து விழும். வேரில் தண்ணீர் நின்றால் தேயிலை அழுகிவிடும். ஆகவே உச்ச மதிப்பெண் தட்டை நிலத்துக்குப் போகக்கூடாது. நீர் வடிந்து ஓடும் மெல்லிய சரிவுக்குப் போக வேண்டும். மழையிலும் ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கூடலூரில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்த்துவிட்டு, தை பிறந்தபின் வறண்டுவிடுகிறது. எத்தனை மாதம் மண் காய்ந்து கிடக்கிறது என்பதற்கும் கணக்கில் இடம் வேண்டும்.

அடுக்குகளின் நுணுக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சரிவைக் கணக்கிட உதவும் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்தது. அதில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். பலரும் எடுத்தாளும் சிர்ப்ஸ் மழைத் தரவில் ஒரு கட்டம் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டையும் அடுக்க, மழைக் கட்டத்தை 30 மீட்டர் துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒரே மழை எண் முப்பதாயிரம் அளவிலான சிறு கட்டங்களில் நகலாகிறது. ஒரு மேட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெவ்வேறு மழை வாங்கும் மலையில், மழைக்கு எடை பாதிக்கும் மேல். படம் பார்க்க நுணுக்கமாகத் தெரியும்; அந்த நுணுக்கம் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உரியது, மழைக்கு அல்ல.

சரிபார்க்கப் போகிறவர்கள் இப்போதுள்ள தேயிலைத் தோட்டங்களின் மேல் வரைபடத்தை வைத்துப் பார்ப்பதுண்டு. அது பாதிச் சோதனைதான். அந்தத் தோட்டங்களில் பல, காடு யாருக்கு எழுதித் தரப்பட்டது, சாலை எங்கே போடப்பட்டது என்பதைப் பொறுத்து அமைந்தவை. மண்வெட்டியோடு போவதுதான் மற்றப் பாதி. அதிலும் மதிப்பெண் உச்சத்தில் உள்ள இடங்களுக்குப் போவதில் பயன் குறைவு. மதிப்பெண் எல்லைக்கோட்டில் தொங்குகிற, ஓர் அடுக்கு 9 என்றும் இன்னொன்று 2 என்றும் சொல்லுகிற கட்டங்களில் குழி வெட்டி மண் எடுக்க வேண்டும். கூடவே நிலக்காரரிடம் முன்பு அங்கே என்ன பயிர் இருந்தது, எத்தனை மூட்டை சுண்ணாம்பு இட்டார் என்றும் கேட்க வேண்டும். அது எந்த அடுக்கிலும் பதிவாகியிருக்காது.