உலக நீதிமன்றத்தின் வாசலில் நின்றுபோன வழக்கு

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இருக்கிறது சர்வதேச நீதிமன்றம். அங்கே ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது மனு கொடுத்துவிட்டால் மட்டும் வழக்கு நடந்துவிடாது. எதிர்த்தரப்பு நாடும் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குச் சம்மதித்திருக்க வேண்டும். ஐ.நா.வில் உறுப்பினராக இருப்பதே சம்மதம் ஆகிவிடாது.

சம்மதம் பல வழிகளில் வரலாம். குறிப்பிட்ட தகராறு ஒன்றை மட்டும் இரு நாடுகளும் பேசி ஒப்படைக்கலாம். இருவரும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில், ‘பிணக்கு வந்தால் இந்த நீதிமன்றம் தீர்க்கும்’ என்ற விதி இருக்கலாம். மூன்றாவது வழி விருப்ப அறிவிப்பு. ‘இதே கடமையை ஏற்கும் எந்த நாடும் என் மீது வழக்குத் தொடுக்கலாம்’ என்று ஒரு நாடு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது அது. ஆனால் அந்த அறிவிப்பிலேயே ‘இன்னின்ன தகராறுகள் நீங்கலாக’ என்று விலக்குகளையும் சேர்த்துக்கொள்ள முடியும். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது.

1999 ஆகஸ்ட் 10 அன்று பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் ரக விமானத்தை இந்திய விமானப்படை சுட்டு வீழ்த்தியது. அதிலிருந்த 16 பேரும் இறந்தனர். விமானம் எந்த நாட்டு வான்வெளியில் இருந்தது என்பதில் இரு நாடுகளும் நேர் எதிராகப் பேசின. செப்டம்பரில் பாகிஸ்தான் இழப்பீடு கேட்டு உலக நீதிமன்றத்துக்குப் போனது. இந்தியா உடனே பூர்வாங்க ஆட்சேபணை எழுப்பியது. சுட்டது சரியா தவறா என்பதற்குள் போகாமல், ‘இதை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை’ என்று சொல்லும் வாதம் அது. அதிகாரம் உண்டா இல்லையா என்பதையும் நீதிமன்றமே முடிவுசெய்யும். அந்தக் கேள்வி தீரும்வரை மூல வழக்கு நகராது.

பாகிஸ்தான் முக்கியமாக நம்பியவற்றில் ஒன்று இரு நாடுகளின் விருப்ப அறிவிப்புகள். இந்தியா 1974-இல் கொடுத்த அறிவிப்பில், காமன்வெல்த்தில் உறுப்பினராக இருக்கும் அல்லது முன்பு இருந்த நாடுகளுடனான தகராறுகளுக்கு விலக்கு இருந்தது. பாகிஸ்தான் காமன்வெல்த் நாடு. இந்த விலக்கு காலாவதியானது, உண்மையில் தன்னைக் குறிவைத்தே போடப்பட்டது என்று அது வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. எந்த அளவுக்குச் சம்மதிப்பது என்பது அந்தந்த நாட்டின் உரிமை என்று கருதி, 2000 ஜூன் 21 அன்று 14-க்கு 2 என்ற கணக்கில் தனக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. சுட்டது சட்டப்படி சரியா என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவே இல்லை. இறந்தவர்களின் குடும்பங்களை நினைத்தால் இது கனமான முடிவுதான். ஆனாலும் வழக்கைத் தள்ளியது இந்தியா செய்தது சரி என்று சொன்னதாகாது. பிணக்குகளை அமைதியாகத் தீர்க்கும் கடமை இரு நாடுகளுக்கும் தொடர்கிறது என்றும் அதே தீர்ப்பு நினைவூட்டியது.

2017-இல் இந்தியா மனுதாரராக மாறியது. பாகிஸ்தான் ராணுவ நீதிமன்றம் குல்பூஷண் ஜாதவுக்கு மரண தண்டனை விதித்திருந்தது. இம்முறை இந்தியா விருப்ப அறிவிப்பை நாடவில்லை. தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையைக் காட்டியது. இரு நாடுகளும் அதில் சேர்ந்திருந்ததால் கதவு திறந்தது. 2019-இல் தீர்ப்பு பெரும்பாலும் இந்தியாவுக்குச் சாதகமாக வந்தது. எனினும் தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை, மறுபரிசீலனைக்கே உத்தரவிட்டது. சம்மதம் அந்த உடன்படிக்கை சார்ந்த பிணக்குகளுக்கு மட்டுமே என்பதால், அதற்கு வெளியே உள்ள மீறல்களை அது ஆராயவும் இல்லை.