பன்னிரண்டு காலாள், மூன்று யானை

1981 ஜூலையில் கலிபோர்னியாவின் சான் மட்டேயோ நகரில் ஒரு போட்டி நடந்தது. டிராவலர் என்ற விண்வெளி விளையாட்டை ஒட்டி வகுத்த கப்பற்படைப் போர் அது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு லட்சம் கோடி கற்பனைப் பணம். அதை வைத்து விருப்பம்போல் கப்பல்களை வடிவமைத்து, ஒரு படையைக் கட்டி எதிரியோடு மோத வேண்டும். எவ்வளவு கவசம், எத்தனை பீரங்கி, எவ்வளவு வேகம் என்று ஒவ்வொன்றுக்கும் விதிப்புத்தகத்தில் விலை உண்டு. பக்கம் பக்கமாக நீளும் விதிகள் அவை.

பட்டத்தை வென்றவர் டக்ளஸ் லெனாட் என்ற கணினி ஆய்வாளர். இந்த விளையாட்டில் அவருக்கு முன் அனுபவம் எதுவும் கிடையாது. யூரிஸ்கோ என்று தாம் எழுதிய நிரலுக்கு விதிகள் முழுவதையும் ஊட்டினார். இரவில் அலுவலகம் காலியான பிறகு, சும்மா கிடந்த ஜெராக்ஸ் நிறுவனக் கணினிகளில் அதை ஓடவிட்டார். நிரல் படைகளைத் தானே அமைத்து, தனக்குள்ளேயே மோதவிட்டு, தோற்றதை மாற்றி மறுபடி மோதவிட்டது. காலையில் லெனாட் வந்து, உருப்படியான யோசனைகளை வைத்துக்கொண்டு குப்பையைக் கழித்துவிடுவார்.

கிடைத்த படையில் 96 கப்பல்கள். பெரும்பாலானவை சின்னவை, கனத்த கவசம் போட்டவை, ஆமை வேகத்தில் நகர்பவை. அனுபவசாலிகளோ வேகமான பெரிய கப்பல்களைக் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தை அவர்களால் சமாளிக்கவே முடியவில்லை. மறு ஆண்டு அமைப்பாளர்கள் விதியை மாற்றி, படை மொத்தமும் துரிதமாக நகர்வதற்கு மதிப்புக் கொடுத்தார்கள். யூரிஸ்கோ மறுபடி ஓடியது. அடிபட்டு மெதுவாகிவிட்ட தன் கப்பலைத் தானே மூழ்கடித்துவிட்டால் படையின் சராசரி வேகம் ஏறும் என்று அது கண்டுபிடித்தது. லெனாட் மீண்டும் வென்றார். மூன்றாவது முறையும் வந்தால் போட்டியையே நிறுத்திவிடுவோம் என்று அமைப்பாளர்கள் சொன்னதும் ஒதுங்கிக்கொண்டார்.

விதியை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் கவனித்து விலை வைத்த ஒவ்வொரு உறுப்பும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. கோளாறு, உறுப்புகள் ஒன்றுசேரும் இடத்தில் இருந்தது. ஆட்டக்காரர்கள் இன்று 'ஓபி' என்று சுருக்கமாகத் திட்டுகிற, அளவுக்கு மீறிப் பலம்பெற்ற தேர்வுகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. லெனாட் போட்டியாளராகச் செய்ததை விளையாட்டை உருவாக்குபவரே வெளியீட்டுக்கு முன் செய்துபார்க்கலாம். ஆயிரக்கணக்கான போலி ஆட்டங்களை ஓட்டி, எது ஓபி என்று பிடித்துவிட்டு, அதன் பிறகே எண்களைக் கையால் திருத்த உட்காரலாம். இன்று பலர் செய்வது இதைத்தான்.

காகிதத்திலேயே செய்துபார்க்கக்கூடிய ஒரு சின்ன விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் 120 பொன். ஒரு யானை 40 பொன். அதற்கு 32 உயிர்ப்புள்ளிகள், ஒரு சுற்றுக்கு ஓர் அடி, அடியின் பலம் 12. ஒரு காலாள் 10 பொன். உயிர் 8, அடி 3. இரு பக்கமும் ஒரே நேரத்தில் அடிக்கும். முன்னால் நிற்பவன் விழுந்த பிறகுதான் மிச்ச அடிகள் அடுத்தவனுக்குப் போகும். 120 பொன்னுக்கு மூன்று யானை அல்லது பன்னிரண்டு காலாள் வாங்கலாம். கூட்டிப் பாருங்கள்: இரு பக்கமும் மொத்த உயிர் 96, மொத்த அடி 36. இதைவிடச் சமமான விலை வைக்க முடியாது என்று தோன்றும்.

இப்போது மோதவிடுவோம். முதல் சுற்றில் காலாட்களின் பதினோரு அடிகளில் ஒரு யானை சாய்கிறது, பன்னிரண்டாவது அடி அடுத்த யானைமேல் விழுகிறது. யானைகள் மூன்று காலாட்களைக் கொல்கின்றன. அடுத்த சுற்றில் ஒன்பது பேர் 27 புள்ளி அடிக்க, இரண்டாம் யானைக்கு மிஞ்சுவது 2 உயிர். காலாட்கள் ஏழு பேராகிறார்கள். மூன்றாம் சுற்றில் அந்த யானையும் போய், கடைசி யானைக்கு 14 உயிர் மிச்சம், காலாட்கள் ஐந்து. நான்காம் சுற்றில் அதுவும் சாய்கிறது. காலாட்கள் வென்றார்கள், அதுவும் நான்கு பேர் உயிரோடு.

காரணம் விரயம். யானையின் அடி 12, காலாளின் உயிர் 8. ஒவ்வொரு அடியிலும் 4 புள்ளி வெறும் காற்றில் போகிறது. காலாளின் அடியிலோ விரயம் குறைவு. கூட்டல் கணக்கில் இது தெரியாது, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, யானைக்குக் கொஞ்சம் உயிர் கூட்டிவிடலாம் என்று உருவாக்குபவருக்குக் கை பரபரக்கும். 36 ஆக்கினால்? அப்போதும் காலாட்களே வெல்கிறார்கள், மூன்று பேர் மிச்சம். 37 ஆக்கினால்? யானை வெல்கிறது! ஒரே ஒரு புள்ளிதான் கூடியது. ஆனால் பன்னிரண்டு காலாட்கள் ஒரு சுற்றில் அடிப்பது சரியாக 36. முதல் யானை 1 உயிரோடு தப்பி இன்னொரு சுற்று அடிக்கிறது. அந்த ஓர் அடி ஆட்டத்தையே திருப்பிப் போடுகிறது. கையால் திருத்துபவர் 32-இலிருந்து ஒரேயடியாக 40-க்குத் தாவியிருந்தால் இந்த விளிம்பைப் பார்த்தே இருக்க மாட்டார். 'யானை இப்போது ரொம்பப் பலம்' என்று 36-க்கு இறக்குவார், 'பலவீனம்' என்று மறுபடி ஏற்றுவார். அதனால்தான் ஒரு மதிப்பை மட்டும் சோதிக்காமல் 30 முதல் 45 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் ஆட்டங்களை ஓட்டி, வெற்றி விகிதம் எங்கே சரிவாக ஏறுகிறது, எங்கே படிபோலத் தாவுகிறது என்று பார்க்கிறார்கள். படி தெரிந்தால், எண்ணைத் திருத்திப் பயனில்லை, விதியைத் தொட வேண்டும். யானையின் அடி பக்கத்துக் காலாள்மேலும் சிதறட்டும், அல்லது அடிகள் சில நேரம் தவறட்டும்.

அடி தவற ஆரம்பித்ததும் ஒரே ஆட்டம் எதையும் நிரூபிக்காது. ஆயிரக்கணக்கில் ஓட்ட வேண்டிய கட்டாயம் இங்கே வருகிறது. உண்மையில் சமமாக இருக்கும் இரு படைகளை நூறு முறை மோதவிட்டால், ஒன்று 58 முறை வெல்வது சாதாரணம். அதைப் பார்த்து விலையை மாற்றினால் தற்செயலைத் திருத்தியதாகும். ஆயிரம் ஆட்டத்தில் தவறு ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளி இந்தப் பக்கம் அந்தப் பக்கம், பத்தாயிரத்தில் 1. பிழையைப் பாதியாக்க ஆட்டங்களை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதால், முதலில் சில நூறு ஓட்டிப் படுமோசமானவற்றைப் பிடித்துவிட்டு, நெருக்கமாக இருப்பவற்றுக்கு மட்டும் அதிகம் செலவழிப்பது வழக்கம். மாறி மாறி ஆடும் விளையாட்டு என்றால் பாதி ஆட்டங்களில் யார் முதல் என்பதை மாற்றிப்போட வேண்டும். இல்லாவிட்டால் முதலில் ஆடுவதன் பலன் படையின் பலமாக வேடம் போட்டு வரும்.

எண்கள் கைக்கு வந்த பிறகு செய்யும் பெரிய தவறு சராசரியை நம்புவது. ஒரு விளையாட்டில் ஐந்து படைகள் என்று வையுங்கள். முதல் படை, மட்டமான இரண்டு படைகளை 90 சதவீதம் வெல்கிறது. நல்ல இரண்டிடம் 35-உம் 45-உம் மட்டுமே. சராசரி 65. அந்த நல்ல படைகளில் ஒன்றோ எல்லாரையும் 55 சதவீதம் வெல்கிறது, சராசரியும் 55-தான். பட்டியலின் உச்சியில் இருப்பது முதல் படை. ஆனால் தலைவலி இரண்டாவதுதான், ஏனென்றால் அதற்கு மாற்று மருந்தே இல்லை. மட்டமான படைகளை மனிதர்கள் இரண்டே வாரத்தில் கைவிட்டுவிடுவார்கள். அதோடு முதல் படையின் சராசரி 40-க்கு விழும், இரண்டாவது 55-இலேயே நிற்கும். ஆகவே யார் யாரை எவ்வளவு வெல்கிறார்கள் என்ற முழுக் கட்டத்தைப் பார்த்து, எந்த வரியிலும் 50-க்குக் கீழே இறங்காத படை எது என்று தேட வேண்டும். அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். எதையும் வெல்லாத படையை அவசரப்பட்டு உயர்த்த வேண்டியதில்லை. அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை.

இனி, அந்த ஆட்டங்களை ஆடுவது யார்? ஒரு சிறு நிரல், 'பாட்' என்பார்கள். கண்மூடித்தனமாக முன்னேறி அடிக்கும் பாட் கையில் கொடுத்தால், பொறுத்திருந்து பதுங்கி அடிக்க வேண்டிய படை படுதோல்வி அடையும். அது பலவீனமான படை அல்ல, அதை ஆட அந்தப் பாட்டுக்குத் தெரியவில்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரே படையை மட்டமான பாட்டிடமும் ஒரு நகர்வுக்கு அதிக நேரம் யோசிக்கும் பாட்டிடமும் கொடுத்து ஓட்டுங்கள். புத்தி கூடக் கூட ஒரு படையின் வெற்றி விகிதம் ஏறிக்கொண்டே போனால், இன்னும் புத்திசாலியான மனிதரிடம் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அந்த எண்ணை வைத்து விலை நிர்ணயிப்பது அபாயம். எவ்வளவு புத்தி கூட்டினாலும் அசையாமல் 70-இல் நிற்கும் படையைத் தயங்காமல் குறைக்கலாம். என் அபிப்பிராயத்தில் போலி ஆட்டங்களின் உண்மையான உபயோகம் இவ்வளவுதான்: அப்பட்டமான ஓபிக்களைப் பிடிப்பது. 52-ஐ 50 ஆக்க அவற்றை நம்புவது வீண் வேலை. லெனாட்டும், தம் வெற்றியில் 60 பங்கு தமக்கு, 40 பங்கு நிரலுக்கு என்றுதான் கணக்குச் சொன்னார்.

பாட் அளவுக்கு மீறிக் கெட்டிக்காரனாக இருந்தாலும் எண் ஏமாற்றும். டீப்மைண்ட் நிறுவனத்தினரும் முன்னாள் உலகச் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக்கும் சேர்ந்து 2020-இல் சதுரங்க விதிகளை ஒன்பது விதமாக மாற்றி, ஆல்பாஸீரோ நிரலைத் தன்னோடு தானே ஆடவிட்டார்கள். ஒரு நகர்வுக்கு ஒரு வினாடி வீதம் விதிக்குப் பத்தாயிரம் ஆட்டம், ஒரு நிமிடம் வீதம் ஆயிரம் ஆட்டம். அந்த ஒன்பதில் ஒன்று காஸ்லிங்கே இல்லாத சதுரங்கம். ராஜாவைக் கோட்டைக்குள் பத்திரப்படுத்தும் நகர்வு கிடையாது. நிரலுக்கு அதனால் பெரிய சிரமம் இல்லை. யோசிக்க ஒரு நிமிடம் கொடுத்தால் அந்த விதியிலும் ஆட்டங்கள் பெரும்பாலும் டிராவில்தான் முடிந்தன. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் விதி மாறியும் ஆட்டம் மாறவில்லை என்று முடிவு கட்டியிருப்போம். அதே விதியில் மனிதர்கள் ஆடிய முதல் போட்டி 2020 ஜனவரியில் சென்னையில் நடந்தது. அங்கே 89 சதவீத ஆட்டங்களில் யாராவது ஒருவர் வென்றார்.