கடை திறக்கும் முன் நாற்பது நிமிடம்

நடுத்தர ஜவுளிக்கடைகளிலும் இப்போது பில்லிங் கணினியோடு ஒரு டேஷ்போர்டு வந்துவிடுகிறது. முந்தைய நாள் விற்பனை, பில் எண்ணிக்கை, உள்ளே வந்தவர்கள், இருப்பு எல்லாம் ஒரே திரையில் தெரியும். பெரும்பாலும் அதை முதலாளியும் மேனேஜரும்தான் பார்க்கிறார்கள். சேலை விரித்துக் காட்டுபவருக்கும் சட்டை எடுத்துக் கொடுப்பவருக்கும் அதைப் படிக்கக் கற்றுக்கொடுக்க நாற்பது நிமிடம் போதும். காலையில் கடை திறக்கும் முன், அந்தத் திரைக்கு முன்னாலேயே, எட்டுப் பத்துப் பேராக நிற்கவைத்து நடத்த வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் திரை அணைந்தே இருக்கட்டும். “நேத்து எத்தனை பில் போட்டிருப்போம்?” என்று கேட்டு, ஆளுக்கொரு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். தன் ஊகத்தை எழுதிவைத்தவர் திரை எரிந்ததும் முதலில் அந்த எண்ணைத்தான் தேடுவார்.

அடுத்த பத்து நிமிடம் எதை எதோடு ஒப்பிடுவது என்பதற்கு. பல டேஷ்போர்டுகள் நேற்றை முந்தாநாளோடு ஒப்பிட்டு, குறைந்தால் சிவப்பு காட்டும். ஞாயிறு கூட்டத்துக்குப் பின் வரும் திங்கள் எப்போதும் சிவப்புதான். அதில் செய்தி எதுவும் இல்லை. செவ்வாயைப் போன வாரச் செவ்வாயோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வாரம் முகூர்த்த நாளோ ஆடித் தள்ளுபடியோ இருந்திருந்தால் அதையும் விட்டு, இன்னொரு சாதாரணச் செவ்வாயைத் தேட வேண்டும். எது சாதாரண நாள் என்று கடை ஆட்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மீதி நேரத்தின் பெரும்பகுதியை ஒரே ஒரு நாளின் கணக்குக்குக் கொடுங்கள். இப்படி ஒரு செவ்வாய் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை ₹1,17,600. போன செவ்வாய் ₹1,32,000. “வியாபாரம் டல்” என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அடுத்த எண்ணைப் பாருங்கள்: கடைக்குள் வந்தவர்கள் போன வாரம் 440, இந்த வாரம் 420. கூட்டம் பெரிதாகக் குறையவில்லை. பில்களோ 110-லிருந்து 84-ஆக இறங்கியிருக்கின்றன. நூறு பேர் வந்தால் 25 பில் போட்ட கடையில் இப்போது 20 பில். வந்தவர்கள் வாங்காமல் திரும்பியிருக்கிறார்கள்.

சராசரி பில் மட்டும் 1,200 ரூபாயிலிருந்து 1,400-ஆக உயர்ந்து பச்சையில் ஒளிர்கிறது. ஊழியர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இங்கே நின்று விளக்க வேண்டும். சின்ன பில்கள் விட்டுப்போனால் மிச்சமிருப்பவை பெரியவை, ஆகவே சராசரி தானாக ஏறும். யாரும் கூடுதலாக வாங்கிவிடவில்லை.

பிறகு பிரிவுவாரியாகப் பார்க்கச் சொல்லுங்கள். சேலைப் பிரிவில் மாற்றமில்லை. ஆண்கள் ரெடிமேடில் 48 பில் 22-ஆகியிருக்கிறது. குறைந்த 26-ம் அங்கேதான். அந்தப் பிரிவில் நிற்பவரிடம் கேட்டால் காரணம் உடனே வரும்: “நாப்பது, நாப்பத்திரண்டு சைஸ் திங்கக்கிழமையே தீர்ந்துபோச்சுண்ணே. கேட்டு வந்தவங்க அப்படியே திரும்பிட்டாங்க.” ஆனால் திரையில் அந்தச் சைஸ்களில் 31 சட்டை இருப்பு காட்டுகிறது. சரக்கு வந்ததும் கணினியில் வரவு வைத்துவிட்டார்கள். பண்டல் ஸ்டிக்கர் ஒட்டாமல் குடோனில் கிடக்கிறது. எந்த இடத்தில் ஓட்டை என்று திரை காட்டியது, ஏன் என்று தளத்தில் நின்றவர் சொன்னார். பயிற்சியின் மையம் இந்தக் கணக்குதான். உங்கள் கடையிலேயே நடந்த ஒரு நாளை இதற்கு எடுத்தால் இன்னும் நன்று.

கடைசிப் பத்து நிமிடத்தில் எண்கள் எங்கே தவறும் என்று சொல்லிவிட வேண்டும். கல்யாணப் பட்டு எடுக்க எட்டுப் பேர் வந்து ஒரே பில் போடுவார்கள்; வாசலில் உள்ள எண்ணும் கருவிக்கு அது எட்டு. டீ குடிக்கப் போய்வரும் ஊழியரையும் அது எண்ணிவிடக்கூடும். ஆகவே அந்த விகிதத்தை அதே கடையின் போன வாரத்தோடு ஒப்பிடலாமே தவிர, இன்னொரு கிளையோடு ஒப்பிடக் கூடாது. திங்களன்று வாங்கிய சேலையைச் செவ்வாயன்று திருப்பினால், செவ்வாய் விற்பனையில்தான் கழியும்.

மேனேஜர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த எண்களை வைத்து ஆளைத் திட்டத் தொடங்கினால், ஒரே வாடிக்கையாளரின் மூன்று சேலைக்கு மூன்று பில் போடுவார்கள். பில் எண்ணிக்கை ஏறும், சராசரி சரியும், இரண்டுமே பொய்யாகிவிடும்.

மறுநாள் முதல் தினமும் ஐந்து நிமிடம், ஆளுக்கொரு நாளாக, ஊழியர் ஒருவரே திரையைப் படித்துச் சொல்லட்டும்: எது மாறியது, காரணம் என்னவாக இருக்கலாம், இன்று யார் என்ன செய்வது. “குடோனில் பண்டலைப் பிரிக்கணும்” என்று அவர் சொன்னால், அன்று மதியத்துக்குள் பிரித்துவிடுங்கள். இரண்டு முறை சொல்லியும் பண்டல் அங்கேயே கிடந்தால், மூன்றாவது முறை அவர் திரையைப் பார்க்க மாட்டார்.