மருந்து கேட்காமல் போவது எப்படி?

"இந்த மாத்திரை எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்வது நம் வழக்கம். ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் இந்தப் பேச்சு பழியைத் தவறான இடத்தில் போடுகிறது. மருந்துக்கு அடங்காமல் போவது நம் உடம்பல்ல, அதற்குள் இருக்கும் பாக்டீரியா. மருந்து எதிர்ப்பு என்பது இதுதான். ஆகவே வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாட்டிக்கும் சாப்பிடாதவருக்குக்கூட, மருந்துக்கு அடங்காத கிருமி இன்னொருவரிடமிருந்து தொற்றலாம். இந்த எதிர்ப்பு எப்படி உருவாகிறது என்பதைக் காசநோயை வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும்.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1948-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடப்பட்ட 55 காசநோயாளிகளில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். மருந்து வென்றதுபோல்தான் தெரிந்தது. ஆனால் முதல் சில மாதங்களில் தேறிய பலர் மறுபடி நலிந்தார்கள். அவர்கள் சளியிலிருந்த கிருமி இப்போது ஸ்ட்ரெப்டோமைசினுக்குச் சாகவில்லை. காரணம் எளிய கணக்கு. நுரையீரலில் விழும் ஒரு குழிக்குள் பத்துக் கோடி கிருமிகள்கூட இருக்கலாம். ஐசோனியசிட் என்னும் காசநோய் மருந்துக்கு அடங்காத கிருமி சுமார் பத்து லட்சத்தில் ஒன்று தானாகவே பிறக்கும். ரிஃபாம்பிசின் என்னும் இன்னொரு மருந்துக்கு அடங்காதது பத்துக் கோடியில் ஒன்று. ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை சாக, அந்தச் சில கிருமிகள் மட்டும் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் தப்பும் கிருமி கோடி கோடியில் ஒன்றுதான். அப்படியொன்று அந்தக் குழிக்குள் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இன்று வழக்கமான காசநோய்க்கு இந்தியாவில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளும் தரப்படுகின்றன. சில வாரங்களிலேயே காய்ச்சல் விடும், பசி எடுக்கும், இருமல் குறையும். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் செத்துவிடுவதே காரணம். மெதுவாகப் பெருகுபவையும் உறங்கிக் கிடப்பவையும் எஞ்சியிருக்கும். மீதி மாதங்கள் அவற்றுக்காகத்தான். இடையில் எல்லா மாத்திரையையும் ஒரேயடியாக விட்டால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். ஒன்றை மட்டும் விடுவதும், சில நாள் விட்டுச் சில நாள் விழுங்குவதும் இன்னும் மோசம். 1948-இன் கணக்கு உள்ளே மறுபடி ஆரம்பமாகிவிடும். பல மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துத் தருவது, ஒன்றை மட்டும் விடுவதைத் தடுக்கத்தான்.

"தேவைக்கு மேல் ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவதே கெடுதல் என்று மருத்துவர்களே சொல்கிறார்களே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஒரு கட்டுரை, எல்லாத் தொற்றுக்கும் "கோர்ஸை முடியுங்கள்" என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே வாதிட்டது. நம் தோலிலும் குடலிலும் வாழும் சாதாரண பாக்டீரியாக்கள், மருந்து நீளும் ஒவ்வொரு நாளும் எதிர்ப்பைப் பழகலாம். ஆகவே நிமோனியா போன்ற சில தொற்றுகளுக்கு இப்போது குறைந்த நாட்களே எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் குறைந்த நாட்களும் சோதித்துக் கண்டவை. எந்த நோய்க்கு எத்தனை நாள் என்பதை அந்த நோயின் சான்றுதான் சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்ட நாள் அதைச் சொல்லாது. சீக்கிரம் தேறிவிட்டதாகத் தோன்றினால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே நிறுத்தலாமா என்று கேளுங்கள். காசநோய்க்கோ, நாட்களைக் குறைக்கச் சொல்லும் அந்த வாதம் பொருந்தாது. சளிக்காய்ச்சலோ வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கவே வேண்டாம்.

"மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்பது அடுத்த தயக்கம். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது பயப்பட வேண்டியதல்ல. கண் மஞ்சளித்தல், ஓயாத வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை அவசரம்; அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மருந்தை மாற்றுவதா நிறுத்துவதா என்பதை அவரே முடிவு செய்வார். வேளைகள் தவறியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எதிர்ப்பு உருவாகிவிட்டதா என்று சளியைச் சோதிக்க அது உதவும்.

அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். பதிவு செய்தும் வராவிட்டால் சிகிச்சை தரும் மையத்தில் கேட்டுப் பெறலாம். காசநோய் மருந்துகளும் வீரியமிக்க பல ஆன்டிபயாட்டிக்குகளும் ஹெச்-1 அட்டவணையில் உள்ளவை. மருந்துச்சீட்டு இல்லாமல் அவற்றை விற்பது சட்டப்படி தவறு. விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். மிச்சமான பழைய அட்டையைக் காட்டி "இதே மாதிரி நாலு கொடுங்க" என்று கேட்பவருக்குக் கடைக்காரர் மறுத்தால், அவர் சட்டப்படிதான் நடக்கிறார்.