பதினைந்தாம் தேதி தவறினால்

முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் பட்டறை வைத்திருப்பவர் இருபதாவது ஆளைச் சேர்த்ததுமே வருங்கால வைப்பு நிதிச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார். பதிவு செய்தாக வேண்டும். பிறகு ஆள் குறைந்தாலும் பொறுப்பு போகாது. ஆனால் பலர் மாட்டிக்கொள்வது பதிவில் இல்லை, மாதாமாதம் வரும் 15-ம் தேதியில்தான்.

ஒரு கணக்கு போடுவோம். 22 பேர், ஆளுக்குச் சம்பளம் 15,000 ரூபாய். அதில் 12 சதவீதம் பிடித்தால் 39,600. முதலாளி பங்கும் அவ்வளவே. காப்பீடு, நிர்வாகக் கட்டணம் சேர்த்து மொத்தம் 82,500. 2024 செப்டம்பர் சம்பளத்துக்கான இந்தப் பணத்தை அக்டோபர் 15-க்குப் பதில் நவம்பர் 15-ல் கட்டுகிறார். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, மாதத்துக்கு 1 சதவீத அபராதம். இரண்டும் சேர்ந்து சுமார் 1,700 ரூபாய். அபராத விகிதம் அந்த ஜூனில்தான் இவ்வளவு குறைந்தது. 'இவ்வளவுதானா' என்று தோன்றும்.

பெரிய அடி வருமான வரியில் விழும். பிடித்த 39,600 தொழிலாளியின் பணம். கெடு தாண்டிக் கட்டினால் அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்று 1961 வருமான வரிச் சட்டத்தின் கீழ் 'செக்மேட் சர்வீசஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் சொல்லிவிட்டது. 30 சதவீத வரி கட்டுபவருக்கு 11,880 ரூபாய் போச்சு! முதலாளி பங்குக்கு இந்தக் கெடுபிடி இல்லை. வரிக்கணக்குத் தாக்கலின் கடைசி நாளுக்குள் கட்டியிருந்தால் கழிக்கலாம்.

ஈ.சி.ஆர். ஏற்றினால் மட்டும் கட்டியதாகாது, சலானுக்குப் பணம் போகணும். பத்து பேரிலேயே தொடங்கும் இ.எஸ்.ஐ.க்கும் இதே 15-ம் தேதிதான், இதே தீர்ப்புதான்.