தலை எண்ணுகிறவரா, பரிமாறுகிறவரா?

மதுரை ரிங் ரோட்டில் ஒரு லாரியை முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். வண்டி பாயவில்லை. தண்ணீர் குடிக்கும்போது புரையேறியதுபோல ஒரு கணம் திணறி, இரண்டு முறை குலுங்கி, அதன் பிறகுதான் இழுத்தது. அதற்குள் எதிரே பேருந்து வந்துவிட்டது. பிரேக்கைப் பிடித்து மறுபடி லாரிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டு வயதான, 1.8 லிட்டர் பெட்ரோல் கார் அது. ஐடிலிங்கில் சத்தமே இருக்காது. எண்பதில் சீராக ஓட்டினாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிதிக்கிற அந்தக் கணத்தில் மட்டும் தடுமாறும். முதலில் போன பட்டறையில் கேட்ட மாத்திரத்திலேயே "இன்ஜெக்டர் அடைச்சிருக்கு" என்றார்கள். நான்கையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார்கள், பணத்தை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த நாள் அதே ரிங் ரோடு, அதே திணறல்.

சொன்னதில் தப்பில்லை, தேடாமல் சொன்னதுதான் தப்பு. மிதித்தால் திணறுவதற்கு இன்ஜெக்டர் அடைப்பும் காரணமாகலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்ததும் காரணமாகலாம். ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்கேனர் மாட்டினாலும் பல நேரம் இரண்டுக்கும் P0171 என்ற ஒரே குறியீடுதான் வரும். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை, கலவை மெலிந்துவிட்டது என்பதே அதன் பொருள். ஏன் மெலிந்தது என்று அது சொல்லாது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒருவர் நின்று எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணி உள்ளே குரல் கொடுக்கிறார். அந்தக் கணக்குக்குச் சமையற்கட்டிலிருந்து சாம்பார் வருகிறது. அதை நான்கு பேர் நான்கு வரிசையில் பரிமாறுகிறார்கள். எண்ணுகிறவர்தான் காற்றோட்ட சென்சார். சமையற்கட்டு காரின் கம்ப்யூட்டர். பரிமாறும் நால்வர் இன்ஜெக்டர்கள். எண்ணுகிறவர் நூறு பேரை எழுபத்தைந்து என்று சொன்னால் பந்தி முழுக்கக் குறையும். கணக்குச் சரியாக இருந்து, மூன்றாவது வரிசைக்காரரின் கரண்டி மட்டும் சின்னதாகப் போனால் அந்த வரிசையில்தான் இலை காயும். குறை எங்கே இருக்கிறது என்று தேடும் வழி முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும் குழாயில் செருகியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுதான் அந்த சென்சார். உள்ளே தலைமுடி போன்ற ஒரு கம்பியோ, மெல்லிய ஒரு தகடோ இருக்கும். மின்சாரம் பாய்ச்சி அதை எப்போதும் சூடாகவே வைத்திருக்கிறார்கள். காற்று கடக்கும்போது அது குளிரும். சூடு இறங்காமல் இருக்க எவ்வளவு கூடுதல் மின்சாரம் தேவைப்படுகிறதோ, அதை வைத்து ஒரு வினாடிக்கு எத்தனை கிராம் காற்று போகிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. கம்பியின் மேல் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் அதற்குக் கம்பளி போர்த்தியதுபோல ஆகிவிடும். காற்று வேகமாக அடித்தாலும் கம்பிக்கு உறைக்காது. அதனால் காற்றைக் குறைத்துச் சொல்லும். 1980களின் தொடக்கத்தில் வந்த சென்சார்களில் இதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. எஞ்சினை அணைத்ததும் கம்பியை ஒரு வினாடி ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூடேற்றி அழுக்கைப் பொசுக்கிவிடுவார்கள். இன்றைய பெரும்பாலான சென்சார்களில் அந்த ஏற்பாடு இல்லை.

சரி, குறை எப்போதும் இருக்கிறதென்றால் மிதிக்கும்போது மட்டும் ஏன் தெரிகிறது? சீராக ஓடும்போது புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் கலவை மெலிந்ததைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். கம்ப்யூட்டர் அதற்கேற்ப பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். ஆனால் அந்தச் செய்தி, எரிந்து முடிந்த புகை குழாய்க்கு வந்த பிறகுதான் கிடைக்கும். திடீரென மிதிக்கும்போது காற்று கண் இமைப்பதற்குள் புகுந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் முக்கியமாக வாசலில் நிற்பவரின் வார்த்தையைத்தான் நம்பியாக வேண்டும். போதாக்குறைக்கு, வேகமெடுக்க வழக்கத்தைவிடக் கெட்டியான கலவை வேறு தேவை.

இரண்டாவதாக நான் போனது பைபாஸ் பக்கம் ஒரு சின்ன பட்டறைக்கு. அண்ணன் ஸ்பானரைத் தொடவே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டில் தீப்பெட்டி அளவு ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, தன் செல்போனை என் கையில் கொடுத்தார்.

"நான் ஓட்டுறேன் சார். நீங்க MAF-னு இருக்கற நம்பரை மட்டும் பாருங்க. நாலாயிரத்துல என்ன காட்டுதுன்னு சொல்லுங்க."

போகிற வழியில் அந்தக் கணக்கையும் சொல்லிக்கொடுத்தார். 1.8 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 4000 சுற்று என்றால் 2000 இழுப்பு, அதாவது 3600 லிட்டர். முழுதாக மிதித்தாலும் சிலிண்டர் முழுசாக நிரம்பாது, ஏறக்குறைய 85 சதவீதம்தான். நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.15 கிராம். பெருக்கி அறுபதால் வகுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 58 கிராம் வரவேண்டும். இது துல்லியமான எண் அல்ல. ஐந்து கூடலாம், குறையலாம்.

இரண்டாம் கியரில் தரையோடு மிதித்தார். வண்டி விக்கியது. முள் நாலாயிரத்தைத் தொட்டபோது திரையில் 44.

"வண்டி மூச்சு நல்லாத்தான் வாங்குது. சொல்ற கணக்குதான் பொய்" என்றார். வண்டியை ஓரங்கட்டி அடுத்த எண்ணைக் காட்டினார். LTFT என்பது கம்ப்யூட்டர் பல நாளாகப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்ட திருத்தம். ஐடிலிங்கில் +3 சதவீதம், 2500 சுற்றில் நிறுத்திப் பார்த்தால் +17. காற்று கூடக் கூடத் திருத்தமும் கூடியிருக்கிறது. ஐடிலிங்கில் MAF 2.7 கிராம் காட்டியது, அது சரியான அளவுதான். நின்றபடியே சோதித்த முதல் பட்டறைக்கு எதுவும் தெரியாமல் போனதில் வியப்பில்லை. இன்டேக் குழாயில் எங்காவது வெடிப்பு இருந்து கணக்கில் வராத காற்று கசிந்தால் இது தலைகீழாக இருக்குமாம். ஐடிலிங்கில் திருத்தம் எகிறி, வேகம் கூடக் கூட இறங்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். LTFT மட்டும் உயர்ந்திருந்தால் சென்சார்தான் என்று முடிவுகட்ட முடியாது. இன்ஜெக்டர்கள் நான்கும் ஒரே அளவில் அடைத்திருந்தாலும், பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தாலும் அது உயரும். ஆனால் அப்போது MAF 58-ஐ ஒட்டியே இருக்கும். எண்ணிக்கை சரி, சாப்பாடு வரவில்லை என்று ஆகிவிடும். அதனால்தான் 44 என்ற எண் முடிவைச் சொன்னது. சிலர் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் உத்தேசக் கணக்குக்கு மாறும். வண்டி முன்பைவிட நன்றாக ஓடினால் சென்சார்தான் குற்றவாளி. சில கார்கள் அப்படியே அணைந்துவிடும் என்பதால் இதைச் சாலையில் செய்து பார்க்காதீர்கள்.

சுத்தம் செய்ய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. எஞ்சினை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, இரண்டு திருகாணியை எடுத்ததும் சென்சார் கையில் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கம்பியின் மேல் பழுப்பு நிறத்தில் பஞ்சு போல ஏதோ ஒட்டியிருந்தது. இதற்கென்றே விற்கும் MAF கிளீனர் ஸ்ப்ரேயைப் பத்து பதினைந்து முறை அடித்தார். விரலோ துணியோ பட விடவில்லை, தொட்டால் கம்பி அறுந்துவிடும். கார்புரேட்டர் கிளீனர் கூடாது, அது பிளாஸ்டிக்கையும் பூச்சையும் கெடுக்கும். ஏர் கன்னும் கூடாது. டீ குடித்துவிட்டு வரும்வரை காயவைத்து மாட்டினார். மறுபடி அதே சாலை, அதே மிதி. திரையில் 57. விக்கல் இல்லை. LTFT அடுத்த சில நாட்களில் தானாக +2-க்கு இறங்கியது.

அழுக்கு எப்படி வந்தது என்பதற்கு நானே சாட்சி. ஒவ்வொரு சர்வீஸிலும் ஏர் ஃபில்டரை மாற்றாமல், ஏர் அடித்து மாட்டச் சொன்னவன் நான்தான். பலமாக ஏர் அடித்தால் தாளில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். அதன் வழியாகத் தூசி நேராகக் கம்பிக்குப் போகும். எண்ணெய் தடவிய துணி ஃபில்டர் போடுகிறவர்களுக்கு, எண்ணெய் அதிகமாகிவிட்டால் இதே கதிதான். இன்னொன்று, பல சின்ன கார்களில் இந்த சென்சாரே கிடையாது. அவை இன்டேக்கின் உள்ளே இருக்கும் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடுகின்றன. அந்த வண்டிக்காரர்கள் MAF கிளீனர் வாங்கினால் அடிக்க இடம் இருக்காது.

நான் கிளம்பும் முன் ஒரு வெள்ளைக் கார் அதே புகாரோடு வந்து நின்றது. இதில் ஐடிலிங்கிலேயே லேசான உதறல் இருந்தது. ஸ்கேனரில் P0171-ஓடு P0303-உம் வந்தது, மூன்றாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பொருள். ஓட்டிப் பார்த்ததில் MAF சரியாக இருந்தது. மூன்றாவதன் காயிலையும் பிளக்கையும் இரண்டாவதோடு மாற்றிப் போட்டார். மிஸ் மூன்றை விட்டு நகரவில்லை. பிறகு எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒன்று, இரண்டு, நான்கைக் கழற்றியபோது எஞ்சின் தள்ளாடியது. மூன்றைக் கழற்றியபோது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வேலை செய்யாத ஆள் லீவு போட்டால் யாருக்குத் தெரியும்!

இன்ஜெக்டர் முனையில் இருக்கும் துளைகள் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு இருக்கும். சூடான எஞ்சினை அணைத்ததும் முனையில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசின் போல ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும. தினமும் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகக் குட்டி ஓட்டம் ஓடி நிற்கும் வண்டிகளில் இது சீக்கிரம் சேரும். அந்த வெள்ளைக் காரும் அப்படிப்பட்டதுதான்.

நான்கையும் கழற்றிச் சோதனை மேடையில் மாட்டினார். ஒரே அழுத்தம், ஒரே நேரம், கீழே நான்கு கண்ணாடிக் குழாய்கள். 61, 60, 44, 61 மில்லி. மூன்றாவது, கால் பங்குக்கு மேல் குறைவு. நால்வரின் சராசரி ஏழு சதவீதம்தான் குறைகிறது. ஆக்ஸிஜன் சென்சாருக்குத் தெரிவது அந்தச் சராசரி மட்டும். கம்ப்யூட்டர் எல்லோருக்கும் ஏழு எட்டு சதவீதம் கூட்டிக் கொடுக்கிறது. ஏற்கெனவே வயிறு நிறைந்த மூவருக்கும் கூடுதல் விழுகிறது, மூன்றாவது மட்டும் இன்னமும் பட்டினி. LTFT +8-இல் நின்றதற்குக் காரணம் இதுதான்.

அல்ட்ராசோனிக் தொட்டியில் அரை மணி நேரம் ஊறவைத்து, நுழைவாயில் குட்டி ஃபில்டர்களையும் ரப்பர் வளையங்களையும் புதிதாகப் போட்டு மறுபடி ஓடவிட்டார். இந்த முறை மூன்றாவது குழாயில் 59. ஒருமுறை 55-ஐத் தாண்டாத இன்ஜெக்டரை மாட்டிவிட்டு, அதே வண்டி திரும்பி வந்ததாம். அதிலிருந்து, குழாய்களில் மட்டம் ஒன்றாக நிற்கவில்லையென்றால் புதிது வாங்கச் சொல்லிவிடுகிறார்.